இரண்டு வாக்கியத்தில் ஒரு சடங்கு

மணி அடித்து எல்லோரும் கிளம்பியாயிற்று. பள்ளிக் கட்டடத்தின் பின்புறம் வரச்சொன்ன வகுப்புத் தோழியின் முன்னால் நின்று, பையன் தலை குனிந்து ஒரே மூச்சில் சொல்கிறான்: "ஸுத்தோ மயே கரா ஸுகி தெஷிதா. ட்ஸுகியத்தே குதஸாய்." மாங்கா படிப்பவர்களுக்கும் அனிமே பார்ப்பவர்களுக்கும் மனப்பாடமான காட்சி. காதலைச் சொல்லும் இந்தச் சடங்கின் பெயர் கொகுஹாகு.

ஜப்பானில் இது வெறும் கதைச் சம்பிரதாயம் அல்ல. சேர்ந்து நாலு முறை சினிமாவுக்குப் போனாலும் அவர்கள் இன்னும் நண்பர்கள்தான். இந்த வாக்கியத்தைச் சொல்லி, எதிராளி சரி என்ற பிறகுதான் ஜோடி. ஆண்டு நிறைவையும் பலர் அந்த நாளிலிருந்தே கணக்கிடுகிறார்கள். 'அவ மனசுல என்னதான் இருக்கு' என்று மாதக்கணக்கில் குழம்ப வேண்டியதில்லை என்பது இதன் பெரிய நன்மை. குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. சொல்பவர் பல நாள் ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறார். கேட்பவரோ நின்ற இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் மேலதிகாரி இப்படி வந்து நின்றால் அது வேறு கதை. அந்தத் தொல்லைக்கு 'கொகுஹரா' என்று ஒரு சொல்லே பிறந்துவிட்டது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? அகராதியைப் புரட்டினால் 'ஒப்புதல் வாக்குமூலம்' கிடைக்கும். கொகுஹாகுவுக்கு அந்தப் பொருளும் உண்டுதான். மினாதோ கனாயேவின் 'கொகுஹாகு' நாவல் காதலைப் பற்றியதல்ல, ஒரு குழந்தையின் கொலையைப் பற்றியது. ஆனால் காதல் காட்சியில் வாக்குமூலம் என்றால் போலீஸ் வாசனை வந்துவிடும். நம் கல்லூரிப் பேச்சில் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: 'ப்ரொபோஸ் பண்றது'. இங்கிலீஷ்காரர்களுக்கு அது கல்யாணப் பேச்சு. நமக்கு அது அச்சாகக் கொகுஹாகு. அதைவிட எளிது வெறும் 'சொல்றது'. "அவகிட்ட சொல்லிட்டியா?" என்றால் எதை என்று யாரும் கேட்பதில்லை. 'காகுயா-ஸமா வா கொகுரஸெதாய்' என்ற மாங்காவின் தலைப்பில் உள்ள வினையும் 'சொல்ல வைக்கணும்' என்பதில் முழுசாக உட்கார்ந்துவிடுகிறது.

இப்போது அந்தப் பையனின் வாக்கியங்களுக்கு வருவோம். 'ஸுகி'யை 'காதலிக்கிறேன்' என்று எழுதுவது முதல் தவறு. ஜப்பானியத்தில் அவ்வளவு கனமான சொல் 'அய்ஷிதேரு'. அதைப் பள்ளிப் பையன் வாயிலிருந்து கேட்பது அபூர்வம். ஸுகி என்பது பிடித்தம். இலக்கணத்திலும் அது நமக்கு உறவுதான். 'நான் உன்னை' என்று ஒருவர் இன்னொருவர் மேல் செய்யும் வினையாக அது அமைவதில்லை. 'எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு' என்பதுபோல உணர்வு தானாக வந்து நிற்கிறது. 'நான்', 'நீ' இரண்டையும் விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும், தமிழில் "பிடிச்சிருக்கு" நிற்பதைப் போலவே. பெண் பார்க்கப் போன வீட்டில் சொல்லும் சொல்லும் அதுதான் என்பதால், சடங்கின் சாயலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது.

'தெஷிதா' இறந்தகாலம். அப்படியே 'பிடிச்சிருந்துச்சு' என்று போட்டால் இப்போது பிடிக்கவில்லை என்றாகி, காட்சியே கவிழ்ந்துவிடும். அங்கே அது வெகுநாளாகத் தொடர்வதைச் சொல்கிறது. 'ரொம்ப நாளாவே' என்பதில் அது அடங்கிவிடும்.

அடுத்தது 'ட்ஸுகியத்தே'. கூட வருவது, ஜோடியாகப் பழகுவது என்று இரண்டும் அதற்குப் பொருள். 'பழகலாமா' கச்சிதமான சொல்தான், ஆனால் 2007-இல் வந்த 'சிவாஜி' படத்துக்குப் பிறகு அதைக் கேட்டாலே சிரிப்பு வருகிறது. தவிர, ஒரு பழைய நகைச்சுவையும் இங்கே உண்டு: அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்க, அவள் "சரி, எந்தக் கடைக்கு?" என்பாள். "என்கூட வர்றியா?" என்று எழுதினால் நகைச்சுவை தப்பிக்கும், அது இல்லாத காட்சியில் "நாம சேர்ந்து இருக்கலாமா?" போதும்.

மரியாதை விஷயத்தில் மட்டும் தமிழ் கையை விரிக்கிறது. நேற்றுவரை சாதாரணமாகப் பேசியவன் இந்த இரண்டு வாக்கியத்துக்கு மட்டும் மரியாதை நடைக்கு மாறுகிறான். தமிழில் திடீரென்று 'நீங்க' போட்டால் கிண்டல் போலிருக்கும். 'நீ'யையே வைத்துக்கொண்டு, வாக்கியத்தை முழுசாக, தயங்காமல் முடிக்க விடுவதே வழி. 'ஸென்பாய்' வந்தால் 'சீனியர்' என்றே விடுங்கள். 'அண்ணா' என்று எழுதிய கையோடு பிடிச்சிருக்கு என்று எழுத முடியாது.

மறுப்புக்கு அங்கே வழக்கமான சொல் 'கொமென் நஸாய்'. 'மன்னிச்சிடு' என்று எழுதினால் அவள் ஏதோ தப்புச் செய்தவளாகிறாள். கெஞ்சினால் இறங்குவாள் போலவும் தோன்றும். ஜப்பானியக் காட்சியில் பேச்சு அத்தோடு முடிந்தது. நம் சினிமாவிலோ மறுப்புக்குப் பிறகுதான் பாட்டே தொடங்கும். அந்தப் பழக்கம் மொழிபெயர்ப்புக்குள் நுழைந்தால் சடங்கின் நல்ல பாதி போய்விடும். ஆகவே நான் எழுதுவது இவ்வளவுதான்:

"ரொம்ப நாளாவே உன்னைப் பிடிச்சிருக்கு. நாம சேர்ந்து இருக்கலாமா?"

"இல்ல. சாரி."