தாய்க்கன்றில் இருப்பதே நகலிலும் இருக்கும்

திசு வளர்ப்பு வாழைக்கன்று நோயற்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாடநூல்களும் அப்படியே எழுதுகின்றன. இதில் ஒரு பகுதிதான் உண்மை. வயலில் இருந்து பெயர்த்து நடும் பக்கக்கன்று நூற்புழுவையும், கிழங்குக் கூன்வண்டின் முட்டையையும், வாடல் நோய்ப் பூஞ்சையையும் மண்ணோடு கொண்டுபோகிறது. ஆய்வகக் கன்றில் இவை இருப்பதில்லை. ஏறத்தாழ மூன்று மாத ஈட்டிக் கன்றின் கிழங்கைச் செதுக்கி, சோடியம் ஹைப்போகுளோரைட்டிலும் பிறகு தேவைப்பட்டால் 0.1 சதவீத மெர்க்குரிக் குளோரைடிலும் சில நிமிடம் முக்கி, தூய நீரில் மும்முறை அலசி, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள குருத்து நுனியை மட்டும் எடுக்கும்போது இவை வெளியே நின்றுவிடுகின்றன. ஆனால் வைரஸ் வெளிப்பரப்பில் இருப்பதில்லை. அது சாற்றுக்குழாய்களிலும் உயிரணுக்களிலும் இருக்கிறது. எந்தக் கிருமிநாசினியும் அதைத் தொடாது. முடிக்கொத்து நோய் வைரஸ் தாய்க்கன்றில் இருந்தால் ஊடகத்துக்குள்ளும் அது வந்துவிடும். தமிழகத்தில் கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி வாழையை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது இந்த நோய்தான். திசு வளர்ப்பு ஒரு நகலெடுக்கும் முறை. அதன் தரத்தை முதல் வெட்டுக்கு முன் செய்யும் சோதனை தீர்மானிக்கிறது என்பதே என் வாதம்.

இந்த ஆபத்தின் அளவை ஒரு கணக்கில் பார்க்கலாம். லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரையும் 3 முதல் 5 மில்லிகிராம் பிஏபியும் கொண்ட எம்எஸ் ஊடகத்தில் குருத்து நுனி முதலில் கருக்கும். வெட்டுவாயில் கசியும் பீனால் ஆக்சிஜனேற்றம் அடைவதே காரணம்; புதிய ஊடகத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் தெளியும். பிறகு குருத்துகள் பிரியத் தொடங்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிரிக்கும்போது ஒன்று மூன்றாகிறது என்று கொண்டால், ஆறு சுற்றில் 729 குருத்துகள். ஏக்கருக்கு ஏறத்தாழ 1,250 கன்று நடும் தோட்டத்தில் இது அரை ஏக்கருக்கும் மேல். சோதிக்காத ஒரே தாய்க்கன்றின் வைரஸ் அவ்வளவு நிலத்துக்கும் பரவ வழி கிடைக்கிறது. பக்கக்கன்றில் வரும் நோய் ஒரு மரத்தோடு தொடங்குகிறது. இங்கே நோயின் தொடக்கமே நூற்றுக்கணக்கில் இருக்கலாம்.

குருத்து நுனியில் வைரஸ் இருக்காது என்பது வழக்கமான மறுப்பு. அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஆக்குத்திசுவுக்கு அது ஓரளவு பொருந்தும். வெப்பச் சிகிச்சையும் சேர்ந்தால் இன்னும் பொருந்தும். ஆனால் அவ்வளவு சிறிய திசு எளிதில் பிழைப்பதில்லை. அதனால் வணிக ஆய்வகங்கள் எடுப்பது அதைப் பலமடங்கு மிஞ்சிய துண்டு. சோதனைக்குச் செலவாகும் என்ற மறுப்பும் நிற்காது: தாய்க்கன்றில் செய்யும் ஒரு பிசிஆர் சோதனையின் செலவு 729 கன்றுகளுக்குப் பங்காகிறது. சோதனைக்கும் எல்லை உண்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பூவன் போன்ற, பி மரபுத்தொகுதி கொண்ட இரகங்களில் வாழைக் கோட்டு வைரஸின் துண்டுகள் மரபணுவிலேயே பதிந்திருக்கலாம். சாதாரண பிசிஆர் அவற்றையும் வைரஸ் என்றே காட்டும். புரத உறையோடு கூடிய வைரஸைத் தனியே பிடித்துச் சோதிக்கும் முறை தேவைப்படுகிறது. இன்னொரு சிக்கல், சில கலப்பினங்களில் திசு வளர்ப்பின் நெருக்கடியே அத்துண்டுகளை விழிக்கவைத்துத் தொற்றாக மாற்றுகிறது. அங்கே தாய்க்கன்றைச் சோதித்தது போதாது. வளர்ந்த கன்றுத் தொகுதியையும் சோதிக்க வேண்டும்.

சுற்றுகளைக் கூட்டினால் கன்று மலிவாகும் என்ற கணக்கு அடுத்த குறை. சுற்று கூடக் கூட உடல்வழி மாறுபாடும் கூடுகிறது. எட்டுச் சுற்றைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இதற்காகவே. கேவண்டிஷ் வகையில் அதிகம் தோன்றுவது குட்டைக் கன்று: காம்பு சுருங்கி, இலைகள் நெருங்கி, நீளத்தோடு ஒப்பிட்டால் அகலம் கூடி இருக்கும். கண்ணாடிக் குடுவையில் அது தெரியாது. வேர்விடும் ஊடகத்தில் ஐபிஏ பெற்று வேரூன்றி, குழித்தட்டில் ஏறி, நான்கைந்து இலை விட்ட பிறகே தெரியும்.

ஆகவே கடினப்படுத்தும் கட்டத்தைக் கன்றைப் பிழைக்கவைக்கும் வேலையாக மட்டும் பார்ப்பது பிழை. குடுவைக் கன்றின் இலைத்துளைகள் சரியாக மூடுவதில்லை, மெழுகுப்பூச்சும் மெல்லியது. எனவே அகாரைக் கழுவி, தென்னை நார்க்கழிவில் நட்டு, 80 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதத்தில் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரத்தில் மெல்லக் குறைக்க வேண்டும். பின்னர் பைக்கு மாற்றி, நிழல்வலையின் கீழ் அதே அளவு காலம். நுண்ணுயிர் எதுவுமின்றி வரும் வேர், வாடல் பூஞ்சை உள்ள மண்ணில் பக்கக்கன்றைவிட எளிதில் தாக்கப்படுவதும் உண்டு. சூடோமோனாஸும் வேர்ப்பூசணமும் சேர்க்க ஏற்ற இடம் இதுவே. குட்டையையும் இலை வெளிறியதையும் கழிக்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பும் இதுவே. கழிக்கும் ஒவ்வொரு கன்றும் உற்பத்தியாளருக்கு நட்டம் என்பதால் இங்கேதான் கண்டிப்பு தளர்கிறது. தோட்டத்துக்குப் போன பிறகு குட்டைக் கன்று தெரிய இன்னும் சில மாதம் ஆகும். அப்போது அந்தக் குழியின் ஒரு போக விளைச்சல் விவசாயியின் கணக்கில் இழப்பாகிவிடும்.