விழுவதை நின்று பார்க்க

பன்னாட்டு விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் கடக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போங்கள். மேற்குப் பக்கமிருந்து ஒரு வெளிச்சம் ஏறி வரும். கண் சிமிட்டினால் அது விமானம். சிமிட்டாமல், சத்தமில்லாமல், ஒரே சீராக நகர்ந்தால் அதுதான்.

அது வருவதற்குள் ஒரு கல்லைத் தண்ணீரை நோக்கிக் கிடையாக எறியுங்கள். அடுத்ததைக் கை வலிக்கிற வேகத்தில் எறியுங்கள். இரண்டும் தண்ணீரைத் தொட எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவது கல் தள்ளிப் போய் விழும், அவ்வளவே. வேகம் விழுவதை நிறுத்தாது, விழும் இடத்தைத்தான் தள்ளிப்போடும்.

மேலே போனால் ஈர்ப்பே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். நிலையம் இருக்கும் 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. வெளிச்சம் உச்சிக்கு வரும்போது மனதுக்குள் 'ஒன்று' என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு நொடியில் அது 4.3 மீட்டர், அதாவது ஒன்றரை மாடி உயரம், விழுந்திருக்கும். அதற்குள் பக்கவாட்டில் 7.66 கிலோமீட்டர் போயிருக்கும். இங்கிருந்து கோயம்பேட்டைத் தாண்டிய தூரம். பூமியைச் சுற்றிய அதன் வட்டமும் அவ்வளவு தூரத்தில் அதே 4.3 மீட்டர்தான் வளைகிறது. விழுந்தும் உயரம் குறையாத ரகசியம் அதுதான்.

இந்தக் கணக்கில் கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும்? 2022 ஆகஸ்ட் 7 அன்று நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. இஓஎஸ்-02 செயற்கைக்கோளோடு, 750 பள்ளி மாணவிகள் பங்கேற்று உருவாக்கிய ஆசாதிசாட்டும் அதில் இருந்தது. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது ஒரு கணம் ஏற்பட்ட அதிர்வில், முடுக்கம் அளக்கும் உணரிகள் பழுதாகிவிட்டதாகக் கணினி முடிவு கட்டியது. உணரிகள் உண்மையில் நன்றாகத்தான் இருந்தன! ஆனால் ராக்கெட் மாற்று வழிக்குத் தாவியதால், கடைசியில் வேகத்தைச் சரிசெய்யும் பகுதி தன் வேலையைச் செய்யவில்லை. வேகம் ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைந்துபோனது. 356 கிலோமீட்டரில் வட்டமாக இருக்க வேண்டிய பாதை, ஒரு முனை 356, மறுமுனை 76 என்று நசுங்கிப்போனது. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது. அது வேகத்தைத் தின்றுவிட, இரண்டு செயற்கைக்கோள்களும் விழுந்தன. உயரம் தவறவில்லை, வேகம்தான் தவறியது என்பதைக் கவனியுங்கள். 2023 பிப்ரவரியில் ஆசாதிசாட்-2 சரியாகப் போய்ச் சேர்ந்தது.

இதற்குள் நம் வெளிச்சம் கிழக்கே இறங்கத் தொடங்கியிருக்கும். அடிவானத்தைத் தொடும் முன்பே மங்கி மறைந்தால், பூமியின் நிழலுக்குள் போயிருக்கிறது என்று பொருள். 92 நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துவிடும். அதற்குள் நாம் பூமியோடு சேர்ந்து கிழக்கே நகர்ந்திருப்போம். அது அரபிக்கடலுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்.