திரையைத் தேடும் விடைத்தாள்கள்

கம்பெனிச் சட்டத் தேர்வில் ஒரு சம்பவத்தைச் சொல்லி, "இந்தக் கம்பெனியின் திரையை விலக்க முடியுமா?" என்று கேட்பது நெடுநாள் வழக்கம். விடைத்தாள்களும் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. முதலில் சாலமன் வழக்கு, அடுத்து மோசடி, வரி ஏய்ப்பு, முகவர், எதிரிநாட்டுத் தன்மை என்ற பாடப்புத்தகப் பட்டியல், முடிவில் "எனவே திரையை விலக்கலாம்" என்ற வரி. சட்டத்தின் மிக நுட்பமான ஓர் இடத்தை இந்தக் கேள்வி வடிவம் நன்றாகவே சோதிக்கிறது. ஆனால் நீதிமன்றங்கள் இன்று நடக்கும் பாதைக்கு எதிர்த்திசையில் மாணவரைத் திருப்பியும் விடுகிறது.

அடிப்படை எளிது. கம்பெனி பதிவானதும் அது உறுப்பினர்களிடமிருந்து வேறுபட்ட தனி நபர். அதன் கடன் அதற்கே உரியது. லண்டனில் காலணி செய்துவந்த ஆரன் சாலமன், தன் தொழிலைத் தானே தொடங்கிய கம்பெனிக்கு விற்றார். மொத்தம் 20,007 பங்குகளில் அவருக்கு 20,001, குடும்பத்தார் அறுவருக்கு ஆளுக்கு ஒன்று. கம்பெனி நொடித்தபோது, கடன்காரர்களுக்கு அவர் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டியதில்லை என்று பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. 1897ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் வந்த அந்த முடிவு இன்றும் அசையாமல் நிற்கிறது. விலக்கு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல்.

தேர்வில் வரக்கூடிய ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். சண்முகம் மதுரையில் நடத்திய தன் இனிப்புக் கடையை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு அதே ஊரில் இனிப்புக் கடை வைப்பதில்லை என்று எழுதியும் கொடுக்கிறார். ஆறு மாதத்தில் அதே தெருவில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி கடை திறக்கிறது. பங்குகள் மனைவி பெயரிலும் தம்பி பெயரிலும் இருக்கின்றன. சண்முகம் பங்குதாரரும் இல்லை, இயக்குநரும் இல்லை; ஆனால் அடுப்படியில் நிற்பவரும் காசோலையில் கையெழுத்திடுபவரும் அவர்தான். கம்பெனியின் மூலதனம் 1 லட்சம் ரூபாய். நெய் வியாபாரிக்கு அது வைத்திருக்கும் பாக்கி 8 லட்சம். கொடுத்த காசோலையும் பணமில்லாமல் திரும்பிவிட்டது. கடையை வாங்கியவர் இதைத் தடுக்க முடியுமா? நெய் வியாபாரி சண்முகத்திடம் பணம் கேட்க முடியுமா?

முதல் கேள்விக்கு விடை, ஆம். நற்பெயரோடு தொழிலை விற்பவர் நியாயமான எல்லைக்குள் ஏற்கும் போட்டித் தடை செல்லும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு விதிவிலக்கு தருகிறது. அந்தக் கடமை கம்பெனி பிறப்பதற்கு முன்பே சண்முகத்தின் தலையில் இருந்தது. கம்பெனியைக் குறுக்கே நிறுத்தி அவர் அதிலிருந்து நழுவப் பார்க்கிறார். 1933இல் தீர்ப்பான கில்ஃபோர்ட் மோட்டார் வழக்கின் சங்கதியும் இதுதான். பழைய கம்பெனியின் வாடிக்கையாளர்களை இழுப்பதில்லை என்று வாக்களித்திருந்த ஹார்ன், புதிய கம்பெனி ஒன்றின் மூலம் அதையே செய்தார். நீதிமன்றம் அவருக்கும் கம்பெனிக்கும் சேர்த்துத் தடை விதித்தது.

இரண்டாவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூலதனம் சிறிது, சண்முகமே எல்லாம், ஆகவே திரையை விலக்கலாம் என்று எழுதிவிடுகிறார்கள். நெய்க்கடன் பிறந்த நாளிலிருந்தே கம்பெனியின் கடன். சண்முகம் தப்பிக்கப் பார்த்த பழைய கடமை என்று இங்கே எதுவும் இல்லை. மூலதனம் குறைவு என்பதோ, கட்டுப்பாடு ஒருவர் கையில் இருக்கிறது என்பதோ மட்டும் போதாது. போதுமென்றால் சாலமனே தோற்றிருப்பார். ஆனால் வியாபாரி வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. கம்பெனியின் காசோலை திரும்பினால், அப்போது அதன் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார் என்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 141ஆம் பிரிவு. கையெழுத்திட்ட சண்முகத்துக்கு அங்கிருந்து நழுவுவது கடினம். திரை தொங்கிய இடத்திலேயே தொங்க, சட்டம் வேறு வாசலால் அவரை எட்டிவிடுகிறது.

கேள்வி வடிவத்தின் வலிமை இந்த இடத்தில் தெரிகிறது. ஆளும் அவரே, கம்பெனியும் அதுவே. ஒரு கடமைக்குத் திரை விலகுகிறது, இன்னொன்றுக்கு விலகவில்லை. கம்பெனி போலியா அசலா என்று மொத்தமாகத் தீர்ப்புச் சொல்லும் வேலை இது அல்ல. எந்தக் கடமை, அது யாருடையது, எப்போது பிறந்தது என்று தனித்தனியே பார்க்கும் வேலை. "திரை விலக்கல் குறித்துக் கட்டுரை வரைக" என்ற கேள்வியால் இதைச் சோதிக்கவே முடியாது.

குறைகளும் இதே இடத்தில்தான் இருக்கின்றன. "திரையை விலக்க முடியுமா?" என்ற கடைசி வரி, விடை திரையில்தான் இருக்கிறது என்று காதில் ஓதிவிடுகிறது. 2013இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பிரெஸ்ட் வழக்கில் சொன்னது நேர்மாறானது. மணமுறிவில் மனைவி கேட்ட ஏழு வீடுகள், கணவர் பிரெஸ்ட் கட்டுப்படுத்திய கம்பெனிகளின் பெயரில் இருந்தன. நீதிபதி சம்ப்ஷன் மறைத்தலையும் ஏய்த்தலையும் பிரித்துக் காட்டினார். உண்மையான உரிமையாளர் யாரென்று மறைத்திருந்தால், மறைவின் பின்னால் யார் என்று பார்ப்பதற்குத் திரையை விலக்க வேண்டியதே இல்லை. ஏற்கெனவே உள்ள கடமையைக் கம்பெனியின் மூலம் ஏய்த்தால் மட்டுமே, அதுவும் வேறு வழி இல்லாதபோது, விலக்கலாம். அந்த வீடுகளைக் கம்பெனிகள் கணவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்தன என்ற சாதாரணச் சொத்துச் சட்டத்தாலேயே மனைவி வென்றார். திரை விலகவில்லை.

இரண்டாவது குறை, நிரூபணம் காணாமல் போவது. "ஒப்பந்தத்திலிருந்து தப்பும் நோக்கத்தில் கம்பெனி தொடங்கினார்" என்று தேர்வுத்தாளே சொல்லிவிட்டால், வழக்கின் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. பிரெஸ்ட் வழக்கில் கணவரும் கம்பெனிகளும் ஆவணங்களை முறையாகத் தரவில்லை. வீடுகள் யார் பணத்தில் வாங்கப்பட்டன என்பதை, கிடைத்த துணுக்குகளையும் அந்த மௌனத்தையும் வைத்தே நீதிமன்றம் ஊகிக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பு விடைத்தாளில் எங்கும் இல்லை.

மூன்றாவது, மாதிரி விடையின் அதீத உறுதி. இந்தியாவில் இரண்டு ஓட்டங்கள் அருகருகே ஓடுகின்றன. 1985இல் எஸ்கார்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், திரை விலக்கும் சூழல்களைப் பட்டியலிடுவது தேவையும் இல்லை, விரும்பத்தக்கதும் இல்லை என்று கதவைத் திறந்தே வைத்தது. 2014இல் ஏர் இந்தியா கேன்டீன் தொழிலாளர்கள் தொடுத்த பல்வந்த் ராய் சலூஜா வழக்கில் பிரெஸ்டை எடுத்துப் பேசி, இந்த அதிகாரத்தை இறுக்கமாகவே கையாள வேண்டும் என்றது. இரண்டையும் சொல்லி, தன் சம்பவத்துக்கு எது ஏன் பொருந்துகிறது என்று வாதிடும் மாணவருக்கும், பட்டியலை ஒப்பித்தவருக்கும் ஒரே மதிப்பெண் விழுமானால் கோளாறு திருத்தும் முறையில் இருக்கிறது.

ஆகவே சம்பவக் கேள்வியைக் கைவிட வேண்டாம். கடைசி வரியை மாற்றினால் போதும். "யார், யாரிடம், எந்தக் கடமைக்காக, எந்தச் சட்ட வழியில் கேட்கலாம்?" என்று கேட்டால், மாணவர் ஒப்பந்தம், முகவர், நம்பிக்கைப் பொறுப்பு, தனிச்சட்டப் பிரிவுகள் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, எதுவும் எட்டாதபோதே திரைக்கு வருவார். சண்முகத்தின் நோக்கத்தைச் சொல்லிவிடாமல், கம்பெனி பதிவான தேதியையும் வங்கிக் கணக்கின் சில வரிகளையும் மட்டும் கொடுத்தால், நோக்கத்தை மாணவரே வருவித்துக் காட்ட வேண்டியிருக்கும். இப்படிக் கேட்டால் "திரையை விலக்கத் தேவையில்லை" என்ற விடை அடிக்கடி வரும். நீதிமன்றங்களிலும் அதுதான் அடிக்கடி வருகிறது.