மனுவின் சாயல்

ஒரு காலத்தில் ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் ஏதாவது அலுவலகத்துக்கு எழுத வேண்டுமென்றால் கிராணியைத் தேடிப் போவார்கள். அவர் எழுதித் தந்ததெல்லாம் மனுதான். மேலே வணக்கம், நடுவில் ஒரு வேண்டுகோள், கீழே நன்றி. இன்று அதே தோட்டத்துப் பேரப்பிள்ளை மெர்லிமாவ் போலிடெக்னிக்கில் படித்துக்கொண்டு, பத்து பெரண்டாம் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பகுதித் தலைவருக்குத் தொழிற்பயிற்சி கேட்டு அனுப்பும் மின்னஞ்சலிலும் அந்த மனுவின் சாயல் இருக்கிறது.

மூத்த மாணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மலாய் மாதிரிக் கடிதம்தான் மூலம். பெயரும் தேதியும் மட்டும் மாறும். நான் இதைக் கேலி செய்ய மாட்டேன். வீட்டில் யாரும் அலுவலகக் கடிதம் எழுதிப் பழகாத பிள்ளைக்கு அந்த மலாய் வடிவம் நல்ல கைப்பிடி. ‘துவான்’ என்ற மரியாதை, கல்லூரி, படிப்பு, பயிற்சி தொடங்கி முடியும் நாள் எதுவும் விடுபடாது. தலைவர் முதலில் பார்ப்பதும் தேதிகளைத்தான். அந்த வாரங்களில் மாணவரைக் கவனிக்க, குறிப்பேட்டில் கையெழுத்திட, மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்ப அவர் ஓர் ஆளை ஒதுக்கியாக வேண்டும்.

கோளாறு நடுப்பத்தியில். “தங்கள் நிறுவனத்தில் பயிற்சி பெற ஒரு வாய்ப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்” என்பதோடு அது முடிந்துவிடுகிறது. இந்தப் பையனை எந்த இயந்திரத்தின் பக்கம் நிறுத்துவது? கடிதத்தில் விடை கிடையாது. இணைப்பின் பெயரோ `resume_final2.pdf`. பெறுநர் வரிசையில் பன்னிரண்டு நிறுவனங்களின் முகவரி வெளிப்படையாகத் தெரிந்தால், தமக்கென்று எழுதியதல்ல என்று தலைவர் அப்போதே முடிவுகட்டிவிடுவார்.

அந்த நடுப்பத்தியில் மின்பொறியியல் மாணவர் ஒருவர் இப்படி எழுதினார் என்று வைத்துக்கொள்வோம்: “இறுதியாண்டுத் திட்டமாக, பிஎல்சி கொண்டு இயங்கும் சிறிய கன்வேயர் செய்தோம். சென்சார் ஒரே பெட்டியை இரண்டு முறை எண்ணியது. நிரலில் சிறு நேரத் தாமதம் வைத்துச் சரிசெய்தேன். தோட்டத்திலிருந்து மோட்டார்சைக்கிளில் வருவேன். இரவு ஷிப்டும் முடியும்.” இதில் தற்பெருமை ஒரு சொல்கூட இல்லை. ஆனால் பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர், வேலைக்கு வந்து சேரும் வழியையும் யோசித்தவர் என்று தலைவருக்குப் புரிந்துவிடும். கன்வேயர் ஓடும் பகுதியில் அவரை விடலாம் என்ற எண்ணமும் வரும். நம் பிள்ளைகள் இதை எழுதாததற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. பெரியவரிடம் தன்னைப் பற்றிப் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று வளர்த்துவிட்டோம்.

நடுப்பத்தி நன்றாக அமைந்தாலும் எல்லாக் கதவும் திறக்காது. பல இடங்களில் பயிற்சி இடங்களின் எண்ணிக்கை மனிதவளப் பிரிவின் கையில். அது நிரம்பிவிட்டால் பகுதித் தலைவர் விரும்பினாலும் சேர்க்க முடியாது. “உள்ளே ஆள் தெரிந்தால் போதும்” என்று தோட்டத்தில் சொல்வதும் முழுப் பொய்யல்ல. ஆனால் அந்தத் தெரிந்த ஆளும் உள்ளே போய்த் தலைவரிடம் காட்டப்போவது இதே மின்னஞ்சலைத்தான்.