ஐந்து பலகையில் ஒரு மேகமலை: கிம்ப் 3.0-இல் மரக்கட்டை அச்சு

மேகமலையில் காலை ஆறரை மணிக்கு எடுத்த படம் ஒன்று இரண்டு வருடமாக என் கணினியில் கிடந்தது. முன்னால் தேயிலைச் சரிவு, அதில் நாலைந்து சில்வர் ஓக் மரங்கள், நடுவில் அணைத் தண்ணீர், பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மலைவரிசை, இடையிடையே பனிமூட்டம். பார்க்கும்போதெல்லாம் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள்தான் நினைவுக்கு வரும். அப்படியே ஆக்கிவிடலாம் என்று கைபேசிச் செயலி ஒன்றில் ஏற்றினேன். ஒரு தட்டில் முடிந்தது. ஆனால் வானத்தில் இளஞ்சிவப்புப் பட்டைகள், தேயிலை முழுக்கக் கருப்புப் புழுதி, ஒவ்வொரு இலைக்கும் மயிரிழைக் கோடு. அச்சுப் படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பிறகுதான் 2025 மார்ச்சில் வெளிவந்த கிம்ப் 3.0-இல் உட்கார்ந்தேன். இலவச மென்பொருள். மூன்று மாலைகள் பிடித்தன. விளைவு என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

முதலில், செயலி ஏன் சொதப்பியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிம்ப்பிலும் அதே குழி உண்டு. `Colors > Posterize` என்று ஒரு வசதி இருக்கிறது. நான்கு நிலை என்று கொடுத்தால் நான்கு நிறம்தான் வரும் என்று நாம் நினைப்போம். அது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக நான்காக வெட்டுகிறது. ஆக 64 நிறம் வரை வரலாம். மெல்லிய சாம்பல் வானத்தில் சிவப்பு ஓரிடத்திலும் நீலம் வேறிடத்திலும் வெட்டுப்படுவதால்தான் அந்த இளஞ்சிவப்புப் பட்டை. மரக்கட்டை அச்சுக்காரர் நிறத்தைக் குறைப்பவர் அல்ல. எந்த உருவத்துக்கு எந்தப் பலகை என்று முடிவு செய்து, ஒவ்வொரு பலகைக்கும் ஒரு மை பூசி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் ஒற்றுபவர். அந்த முடிவை நாமேதான் எடுக்க வேண்டும்.

நான் எடுத்த முடிவு ஐந்து பலகை: வானம், தூரத்து மலை, தேயிலைச் சரிவு, அடர் நிழல், கடைசியில் கோடு. பனிக்கும் தண்ணீருக்கும் பலகையே கிடையாது. தாளின் வெறுமைதான் பனி.

படத்தை 4000 பிக்சல் அகலத்துக்கு வைத்துக்கொண்டு `Filters > Blur > Median Blur` போட்டேன், ஆரம் 12. காசியன் மங்கல் எல்லா விளிம்பையும் கரைத்துவிடும். மீடியன் சிறு பொடிகளை விழுங்கிவிட்டு மலையின் விளிம்பை அப்படியே விடும். 12 என்பது குருட்டுக் கணக்கு இல்லை. ஏ4 தாளில் அச்சிட்டால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 13 பிக்சல். உளியால் செதுக்க முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்கும் எதுவும் படத்தில் மிஞ்சக்கூடாது என்பதுதான் என் அளவுகோல். 3.0-இல் இந்த வடிகட்டி அடுக்கின்மேல் உயிரோடு நிற்கிறது. மறுநாள் வந்தும் ஆரத்தை மாற்றலாம். எனக்கு இதுதான் இந்தப் பதிப்பின் மிகப் பெரிய வரம்.

அடுத்து படத்தைக் கருப்பு-வெள்ளையாக்கி, அந்த அடுக்கைப் பலகைக்கு ஒன்றாக நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் `Colors > Threshold`. முக்கோணத்தை நகர்த்த நகர்த்த கருப்பு கூடும், குறையும். சரியான இடம் எது என்பது கண்ணுக்கே தெரியும்: மலை ஒரே கட்டியாக நிற்க வேண்டும், ஓரத்தில் மிளகுத்தூள் போலப் புள்ளி தெறிக்கக்கூடாது. இங்கேதான் முதல் நாள் தோற்றேன். தூரத்து மலையும் அணைத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம். மலையைப் பிடித்தால் தண்ணீரும் கூடவே வந்து, மலை ஏரிக்குள் வழிந்துவிட்டது போல ஆனது. `Threshold`-க்கு வெளிச்சம்தான் தெரியும். மலை, தண்ணீர் என்ற பேதம் தெரியாது. ஒரே வழி, லாஸோவால் மலைப்பகுதியை மட்டும் கையால் சுற்றி வளைத்துவிட்டு, வெளியே இருப்பதை வெள்ளையாக்குவது. தேயிலைச் சரிவுக்கு `Threshold` தேவையே இல்லை. சுற்றி வளைத்து முழுதாக நிரப்பினேன்.

பலகைக்கு மை பூசுவது எளிது. `Color to Alpha` கொண்டு வெள்ளையை நீக்கி, அடுக்கின் `Lock alpha` பொத்தானை அழுத்தி, வேண்டிய நிறத்தால் நிரப்பினால் உருவம் மட்டும் நிறம் மாறும். அடுக்கின் முறையை `Multiply` என்று வையுங்கள். நீர் கலந்த மை போல, பச்சைமேல் நிழல் பலகை விழும் இடத்தில் தானாகவே அடர்பச்சை பிறக்கும். அடியில் தாளுக்கு `#f2e8d2`. ஒரு எச்சரிக்கை: நிறம் நிரப்பும் முன் `Threshold`-ஐயும் `Color to Alpha`-வையும் அடுக்கோடு இணைத்தாக வேண்டும், அதன்பின் திருத்த முடியாது. சாம்பல் அடுக்கின் நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வானத்துக்கு மட்டும் ஒரு சலுகை. பலகையிலேயே மையைத் துடைத்து மேலிருந்து கீழாக மங்கவிடும் முறையை ஜப்பானியர் பொகாஷி என்பார்கள். அடுக்கு முகமூடியில் ஒரு கிரேடியன்ட் இழுத்தால் அது கிடைக்கும். `Dithering` பெட்டியில் குறி இருக்கட்டும், இல்லையென்றால் படிக்கட்டுப் பட்டை விழும்.

இனி கோடு. எல்லாரும் தவறுவது இங்கேதான். விளிம்பு தேடும் வடிகட்டியை மூலப் படத்தில் போடுகிறார்கள். தேயிலை இலை ஆயிரத்துக்கும் கோடு வருகிறது. கோடு பிறக்க வேண்டியது தட்டையாக்கிய பலகையிலிருந்து. நான் பலகை அடுக்கில் `Alpha to Selection` கொடுத்து, புதிய அடுக்கில் `Edit > Stroke Selection` வழியாகத் தூரிகையால் இழுத்தேன். முன்னால் இருக்கும் சரிவுக்கும் மரங்களுக்கும் 9 பிக்சல், அணைக்கரைக்கு 5, தூரத்து மலைக்குக் கோடே இல்லை. முதலில் மலைக்கும் தடித்த கோடு போட்டுப் பார்த்தேன். மூன்று வரிசையும் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டன, பனி செத்துவிட்டது.

கோட்டின் நிறம் கருப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஹொகுசாய் 1830-களில் வெளியிட்ட ஃபூஜி மலை வரிசையின் முதல் 36 படங்களுக்கு நீலத்தில்தான் கோடு ஒற்றினார்கள்; பிறகு சேர்த்த பத்துக்குத்தான் கருப்பு. நானும் `#1f2f4a` என்ற கருநீலம் வைத்தேன். காலை வெளிச்சம் உடனே உள்ளே வந்தது.

ஒரு குறை மிச்சம் இருக்கிறது. இப்படி இழுத்த கோடு சீரான தடிமனில் கம்பி மாதிரி ஓடுகிறது. செதுக்கிய கோட்டில் இருக்கும் வீக்கமும் மெலிவும் இல்லை. `Emulate brush dynamics` கொஞ்சம் உதவுகிறது, அவ்வளவுதான். ஓக் மரங்களின் தண்டுக்கு மட்டும் கையாலேயே வரைந்தேன். அந்த ஐந்து தண்டுக்கு ஒரு மாலை முழுதும் போனது. படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடமும் அதுதான்.

பலகையைப் பிரித்து வைத்த பலன் கடைசி நாளில் தெரிந்தது. ஹிரோஷி யோஷிதா என்ற ஜப்பானிய ஓவியர், 1930-களின் தொடக்கத்தில் மதுரைக் கோயிலையும் மரக்கட்டை அச்சாக்கியவர், 1926-இல் பாய்மரப் படகுகள் என்றொரு வரிசை செய்தார். அதே பலகைகளில் மையை மட்டும் மாற்றி காலை, மூடுபனி, இரவு என்று வெவ்வேறு பொழுதுகளை ஒற்றினார். நான் என் வானப் பலகையைச் செம்மண் நிறத்துக்கும், மலையை ஊதாவுக்கும், தேயிலையைக் கரும்பச்சைக்கும் மாற்றினேன். கோட்டைத் தொடவில்லை. பத்தே நிமிடத்தில் மேகமலையில் மாலையாகிவிட்டது. நான் அங்கே ஒருநாளும் மாலை வரை இருந்ததில்லை.