சிலப்பதிகாரக் கனவுகள்: மங்கலும் நழுவலும் சொல்லமைப்பில் அமையும் முறை

சிலப்பதிகாரத்தில் மூன்று கனவுகள் உள்ளன. புகாரில் கண்ணகி தேவந்தியிடம் உரைப்பது கனாத்திறம் உரைத்த காதையிலும், மதுரையின் புறஞ்சேரியில் கோவலன் மாடலனிடம் உரைப்பது அடைக்கலக் காதையிலும், கோப்பெருந்தேவி தோழியிடம் உரைப்பது வழக்குரை காதையின் தொடக்கத்திலும் இடம்பெறுகின்றன. இம்மூன்றும் பெரும்பாலும் நிமித்தம் என்ற தலைப்பின்கீழ் வைத்தே ஆராயப்பட்டுள்ளன. கனவில் இன்னது வந்தது, கதையில் இன்னது நிகழ்ந்தது என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பொருத்தம் காட்டுவதோடு அத்தகைய ஆய்வுகள் நின்றுவிடுகின்றன. கனவின் பொருள் கிடைத்தவுடன் கனவு கைவிடப்படுகிறது. உருவங்கள் தெளிவின்றித் தோன்றுவதும், பொருள்கள் தம் இடத்தை விட்டு மிதப்பதும், தொடர்பற்ற நிகழ்ச்சிகள் தடையின்றி ஒன்றினுள் ஒன்று நழுவுவதும் கனவின் இயல்புகள். இவ்வியல்புகளை இளங்கோவடிகள் எவ்வகைச் சொல்லமைப்பால் உண்டாக்குகிறார் என்ற வினா அந்தப் பொருத்தப் பட்டியலில் எழுவதில்லை.

காப்பியத்துள்ளேயே இப்பட்டியல் நோக்கிற்கு ஒரு தடை உண்டு. மூன்று கனவுகளுள் எதற்கும் கேட்டவர் பலன் சொல்லவில்லை. தேவந்தி கண்ணகியின் முற்பிறப்பு நோன்பைப் பற்றிப் பேசுகிறாளேயன்றிக் கனவின் கூறு ஒன்றைக்கூட எடுத்து விளக்கவில்லை. மாடலனும் கவுந்தியும் புறஞ்சேரியில் தங்குதல் தகாது, பொழுது சாயுமுன் நகர் புகுக என்கின்றனர். பாண்டியன் விடை கூறுமுன் வாயிலில் கண்ணகியின் குரல் எழுந்துவிடுகிறது. பலன் உரைப்பதற்காகவே கனவு அமைக்கப்பட்டிருப்பின் உரைப்பார் ஒருவரையாவது புலவர் வைத்திருக்கலாம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துஞ்சல், அரற்று, கனவு என்பனவற்றை அடுத்தடுத்து நிறுத்துவதும் இங்கு எண்ணத்தக்கது. அங்கே கனவு பலன் தரும் குறியாக அன்றி, உடலிலும் உள்ளத்திலும் நிகழும் ஒரு நிலையாகவே எண்ணப்படுகிறது.

கண்ணகியின் கனவு மூன்றனுள் மிகவும் கதைத்தன்மை உடையது. கணவன் கைப்பற்றி அழைத்துச் செல்ல இருவரும் ஒரு பெருநகரை அடைகின்றனர். ஊரார் பொருந்தாத பழியொன்றை, தேளை எடுத்து மேலே இடுவது போல, அவள்மேல் இடுகின்றனர். கோவலனுக்குத் தீங்கு என்று கேட்டு அவள் அரசன்முன் பேசுகிறாள். அரசனுக்கும் ஊருக்கும் தீங்கு நேர்கிறது. இந்நிகழ்ச்சிகளுக்கிடையே காரணச் சொற்கள் மிகக் குறைவு. பழி ஏன் வந்தது, தீங்கு யாரால், அரசனிடம் என்ன பேசப்பட்டது என்பன சொல்லப்படவில்லை. எனினும் படிப்பவர் எங்கும் தடுக்கி நிற்பதில்லை. ஒரு நிகழ்ச்சியை முடிக்கும் சொல் அடுத்த நிகழ்ச்சியைத் தொடங்கிவைப்பதே இதற்குக் காரணம். ‘பட்டேம்’ என்று நகரை அடைந்தது முடிய, ‘பட்ட’ என்று அடுத்தது தொடங்குகிறது. உடனே ‘படாதது’ என எதிர்மறையாகி அதே சொல் பழியைக் குறிக்கிறது. நகரை அடைதலுக்கும் பழிக்கும் பொருளளவில் தொடர்பில்லை. ‘படு’ என்னும் வினையே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழியமைக்கிறது.

‘உறு’ என்னும் வினை இதனினும் நெடிது செல்கிறது. முதலில் கோவலனுக்கு உற்றது, பின் ஊருக்கு உற்றது, பின் ‘உற்றேன்’ என அவளுக்கே உற்றது, முடிவில் ‘உறுவன்’ என்று மேன்மை உற்ற கணவன். தீங்கில் தொடங்கிய சொல் இடையில் எங்கும் அறுபடாமல் நன்மையில் வந்து நிற்கிறது. திரைப்படத்தில் ஒரு காட்சி மறையுமுன் அடுத்தது அதன்மேல் படர்ந்து தெளிவதுண்டு. ஓசை ஒன்றாகவும் பொருள் வேறாகவும் நிற்கும் இச்சொல்மடக்கு ஏறத்தாழ அவ்வகையில் செயற்படுகிறது. ஒரு மறுப்பும் இங்கு எழும். சொல் மடங்கித் தொடர்தல் அக்காதையின் யாப்பு நடைக்கே உரியது. தேவந்தி ‘பெறுக’ என வாழ்த்த, கண்ணகி ‘பெறுகேன்’ எனத் தொடங்குவதும் அதுவே. மறுப்பு நியாயமானது. ஆனால் உரையாடலில் அது இருவர் பேச்சை இணைக்கிறது, கனவிலோ காரணம் இருக்க வேண்டிய இடத்தை நிரப்புகிறது. கருவி ஒன்றாயினும் தொழில் வேறு.

இக்கனவில் உள்ள மங்கல் கண்ணகி விரும்பி ஏற்படுத்துவது. தீங்கின் முழுமையை ‘உரையாடேன்’ என்று நிறுத்திக்கொள்கிறாள். இறுதி நன்மையைக் கேட்டால் நகைப்பாய் என்று மூடிவிடுகிறாள். கண்டவளுக்குக் காட்சி தெளிவாகவே இருந்திருக்கலாம். கேட்பவளுக்கும் படிப்பவர்க்கும்தான் அது புகைபடிந்து வருகிறது.

கோவலன் கனவில் நிலைமை வேறு. அவன் எதையும் மறைக்க முயலவில்லை, தொடரமைப்பே மங்குகிறது. கனவு முழுவதும் முற்றுவினை இன்றி ‘ஊரவும்’, ‘எய்தவும்’, ‘அளிப்பவும்’ என்ற எச்சங்களால் ஓடி, கனவு கண்டேன் என்ற ஒரே முற்றில் வந்து நிற்கிறது. அதுவரை கேட்பவருக்குத் தாம் கேட்பது கனவு என்ற அறிவிப்பே இல்லை. கீழ்மகன் ஒருவனால் என்று தொடங்கும் சொல், கூந்தலாள் நடுங்குவதற்குக் காரணமா, கோவலன் உடை பறிக்கப்படுவதற்குக் காரணமா என்பது தொடரில் உறுதிப்படவில்லை, இரண்டினோடும் இயையும். பொற்கொல்லன் கதையில் தோன்றுவது கொலைக்களக் காதையில்தான் என்பதால், இவ்விடத்தில் அக்கீழ்மகனுக்கு முகமும் இல்லை, தொழிலும் இல்லை. கொம்புடைய விலங்கின்மேல் ஊர்ந்தவன் யார் என்பதற்கும் எழுவாய் தரப்படவில்லை. அவ்விலங்கை எருமைக்கடா எனக் கொண்டு இறப்பைக் குறித்தது என்பர். பொருள் சரியே. ஆனால் கோவலன் தன் இறப்பைச் சொல்லவில்லை. உடை இழந்த ஒருவன் விலங்கின்மேல் செல்கிறான். அடுத்த நொடியில் மனைவியோடு பற்றற்றோர் நிலையில் இருக்கிறான். இடையே இருக்க வேண்டிய கொலை கனவில் இல்லை. ‘உம்’ என்னும் இடைச்சொல் அந்த விடுபாட்டின் மேல் பாலம்போல் கிடக்கிறது.

மூன்றாம் காட்சியில் சொல்வரிசை இன்னும் நுட்பமானது. மலரம்பு முதலில் வருகிறது; பின் அது விழும் வெறுநிலம்; பின்னரே அதை எறிந்து ஏங்கும் காமன். எறிந்தவன் தெரியுமுன் அம்பு நிலத்தில் கிடக்கிறது. மாதவி மணிமேகலையைப் போதி அறவோன்முன் அளிக்கும் காட்சி அதன்பின் எழுகிறது. மதுரைத் துன்பத்திலிருந்து புகார் மகளின் துறவுக்குக் கனவு இவ்வாறு நகர, இடமாற்றத்தை உணர்த்தும் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. இத்தனை பொருந்தாமையையும் கோவலன் நனவு போன்றது என்கிறான் என்பது தனியே நினைக்கத்தக்கது.

ஒப்பீட்டுக்கு ஆண்டாளின் ‘வாரணமாயிரம்’ பதிகத்தைச் சுருக்கமாகக் கருதலாம். அங்கே நாள் குறித்தல், கூறை உடுத்தல், கைப்பற்றல், தீவலம், அம்மி மிதித்தல் எனச் சடங்கின் வரிசையே காட்சிகளை நகர்த்துகிறது. பாட்டுதோறும் கனவு கண்டமை தோழியிடம் மீண்டும் சொல்லப்படுவதால் எல்லைகளும் தெளிவாக உள்ளன. மணமகனின் பெயர் மட்டும் பாட்டுக்குப் பாட்டு மாறிக்கொண்டிருக்கிறது. தமிழின் புகழ்பெற்ற கனவுப் பாடல் மிகவும் ஒழுங்கான கனவாக இருப்பதால், கோவலன் கனவின் ஒழுங்கின்மை புலவர் கைவரப்பெறாத ஒன்று என்று கொள்ளும் மயக்கம் ஏற்படக்கூடும். அம்மயக்கத்துக்கு இடமில்லை என்பதை மூன்றாம் கனவு காட்டுகிறது.

கோப்பெருந்தேவியின் கனவில் மனிதரே இல்லை. குடையும் கோலும் விழுகின்றன. பிடித்திருந்தவர் யார், தட்டியவர் யார் என்பது இல்லை. வாயில் மணி நடுங்குகிறது, அடிப்பவர் இல்லை. எட்டுத் திசையும் அதிர்கின்றன. கதிரவனை இருள் விழுங்குகிறது. வானவில் இரவில் தோன்ற, விண்மீன் பகலில் விழுகிறது. காலமும் பொருளும் தம்முள் இடம் மாறிவிட்டன. இவற்றுள் மிகவும் வியக்கத்தக்கது மணியின் குரலைத் தேவி ‘காண்பென்’ என்பது. கேட்க வேண்டியதை அவள் காண்கிறாள். உரையாசிரியர் நோக்கில் ‘காண்’ என்பது கனவு காணுதலைக் குறிக்கும் பொதுவினை என்று இதை அமைதி கூறிவிடலாம். அவ்வாறு கூறினும் குரல் என்னும் செயப்படுபொருளோடு அவ்வினை சேரும்போது உண்டாகும் புலன்மயக்கம் நீங்காது. வழக்குரை காதைக்கு அடியார்க்குநல்லார் உரை கிடைக்கவில்லை. மூன்றனுள் விளக்கம் மிகுதியும் வேண்டி நிற்கும் கனவு அரும்பதவுரையின் சுருக்கக் குறிப்போடு நின்றுவிட்டமை, அது கவனம் பெறாததற்கு ஒரு காரணமாகலாம்.

தேவி இதனை ஒருமுறை கூறி நிறுத்தவில்லை. உடனே மீண்டும் கூறுகிறாள். முதல் கூற்றில் ஒவ்வொரு காட்சியும் தான் காண்பதாகவே முடிகிறது. இரண்டாவதில் அக்காணுதல் வினை உதிர்ந்துபோகிறது. கோலும் குடையும் விழும், மீன் விழும், திசை அதிரும் என்று நேரடி வினைகளே நிற்கின்றன. கனவு என்ற சட்டம் கழன்று, கண்டவை அறையினுள் வந்துவிட்டன எனலாம். முதல் கூற்றில் நடுங்கியது மணி; இரண்டாவதில் மணி நடுங்க, அதனோடு உள்ளமும் நடுங்குகிறது. கண்ணகி கனவில் ‘உறு’ செய்த பயணத்தை இங்கே ‘நடுங்கு’ செய்கிறது. பொருளிலிருந்து அது தேவியின் உடலுக்குள் புகுகிறது.

மூன்று கனவுகளையும் காப்பிய வரிசையில் வைத்தால் ஒரு போக்கு புலனாகிறது. புகாரில், தீங்கு தொலைவில் இருக்கும்போது, கனவில் மனிதரும் பேச்சும் நிகழ்ச்சி வரிசையும் உள்ளன. மதுரைப் புறத்தே நிகழ்ச்சிகள் எச்சங்களாகச் சிதறி, செய்பவர் மங்குகின்றனர். தீங்கு வாயிலை அடைந்தபோது பொருள்கள் மட்டுமே எஞ்சுகின்றன. அழிவு நெருங்க நெருங்கக் கனவு தெளிவடையும் என்பதே நிமித்த நோக்கின் எதிர்பார்ப்பு. சிலப்பதிகாரத்தில் நிகழ்வது நேர்மாறானது. புலவர் இதனைத் திட்டமிட்டார் என்று நிறுவ மூன்று சான்றுகள் போதா. ஆயினும் கனவுகளைத் தனித்தனியே பிரித்துப் பலன் பொருத்தும்வரை இப்போக்கே கண்ணில் படாது.

வழக்குரை காதையின் இறுதிப் பகுதியில் குடையும் கோலும் மீண்டும் வருகின்றன. கண்ணகியின் சிலம்பிலிருந்து மணி தெறித்ததைக் கண்ட பாண்டியனைப் புலவர் தாழ்ந்த குடையை உடையவனாகவும் தளர்ந்த கோலை உடையவனாகவும் காட்டுகிறார். நனவில் அவை அவன் முறைமை குன்றியதற்கான உருவகங்கள் மட்டுமே. துணியும் கழியுமாகத் தரையில் விழுந்தவை தேவி கண்ட கனவில்தான்.