இரு சுற்று ஆய்வுக்கு ஒரு சூத்திரம் போதுமா?

ஓர் இரும்புக் கம்பி சூட்டில் எவ்வளவு நீள்கிறது என்று அறிய, சூடாக்கும் முன்பும் பின்பும் அதே கம்பியை அளக்கிறோம். முன்பு ஒன்றையும் பின்பு வேறொன்றையும் அளந்தால், இரு கம்பிகளின் இயல்பான நீள வேறுபாடு விடையைக் குழப்பிவிடும். மாதிரி ஆய்விலும் இதே நிலைதான். ஆயினும் நம் பாடநூல்கள் பலவும், இரு சுற்றுகளிலும் முற்றிலும் வேறு ஆட்களே இருப்பர் என்று கொண்டு மாதிரியின் அளவைக் கணக்கிடுகின்றன. இது பெருங்குறை.

ஓர் ஊரில் வேலையின்மை 10 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைந்ததைக் கண்டறிய வேண்டும் என்க. தேவையான அளவு:

n = 7.84 × [p₁q₁ + p₂q₂ − 2Pρ√(p₁q₁p₂q₂)] / (p₁ − p₂)²

இங்கு p₁ = 0.10, p₂ = 0.08, q என்பது 1 − p. P என்பது இரு சுற்றுக்கும் பொதுவானவர்களின் பங்கு. ρ என்பது அவர்களுடைய இரு விடைகளுக்கும் இடையேயுள்ள ஒட்டுறவு. 7.84 என்ற எண், 5 விழுக்காட்டுப் பிழை வரம்பில், உண்மையான மாற்றத்தை நூற்றுக்கு 80 முறை கண்டுபிடிப்பதற்கானது.

பாடநூல் முறைப்படி P = 0; சுற்றுக்கு 3,207 பேர் தேவை. முக்கால் பங்கினர் பொதுவாகவும் ρ = 0.6 ஆகவும் இருந்தால் 1,771 பேர் போதும். ρ = 0.6 என்பதன் பொருள் இதுதான்: பொதுவான 1,000 பேரில் முதலில் 100 பேரும் பின்னர் 80 பேரும் வேலையற்றவர், அவர்களுள் ஏறத்தாழ 57 பேர் இரு முறையும் வேலையற்றவர்.

அப்படியானால் எப்போதும் 1,771 போதுமா? இல்லை. எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே முக்கியம். இந்தியாவின் காலமுறை உழைப்பாளர் ஆய்வில், 2017 முதல் 2024 வரை, நகர்ப்புற வீடு ஒவ்வொன்றும் அடுத்தடுத்த நான்கு காலாண்டுகளில் விசாரிக்கப்பட்டது. ஆகவே அடுத்த காலாண்டோடு ஒப்பிட்டால் முக்கால் பங்கு பொது. ஆனால் பருவ வேறுபாட்டை நீக்கச் சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டால் பொது வீடே இல்லை. நம் கணக்கும் 3,207-க்குத் திரும்பிவிடும்! அமெரிக்க மாதாந்தர ஆய்வில் ஒரு வீடு நான்கு மாதம் உள்ளே, எட்டு மாதம் வெளியே, மீண்டும் நான்கு மாதம் உள்ளே இருக்கும். அதனால் ஓராண்டு இடைவெளியிலும் பாதி வீடுகள் பொதுவாகின்றன.

திட்டத்தாளில் உள்ள P-ஐ அப்படியே நம்புவதும் தவறு. வீடு மாறியோரும் பதில் தராதோரும் போக P 0.6 ஆகி, ρ-வும் 0.3 ஆனால், 2,632 பேர் வேண்டும். மேலும் இக்கணக்கு தனித்தனி ஆட்களைக் குலுக்கலில் எடுத்ததற்கே பொருந்தும்; தெருத்தெருவாக, கொத்துக் கொத்தாக எடுத்தால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

எனவே பாடநூல்கள் இந்த மூன்றாம் உறுப்பையும் சூத்திரத்தில் சேர்க்கட்டும். அதோடு, P-ஐயும் ρ-வையும் முந்தைய சுற்றின் பதிவுகளிலிருந்து எண்ணிப் பெறவும் மாணவருக்குக் கற்பிக்கட்டும்.